1995 கல்யாண கேசட்: அரக்குப் பட்டு காவியாகத் தெரிகிறது, நிறத்தை மீட்பது எப்படி?

தையல்கடை_பிள்ளை

அப்பா அம்மாவுக்கு அடுத்த மாதம் முப்பதாவது கல்யாண நாள். 1995இல் அம்பாசமுத்திரத்தில் ஒரு மண்டபத்தில் எடுத்த வி.எச்.எஸ். கேசட் ஒன்று இருக்கிறது, இ-180. ஒரு கடையில் கொடுத்து எம்பி4 ஆக்கி வாங்கினேன். அதில் உள்ள குறைகள்:

அம்மாவின் முகூர்த்தப் பட்டு அரக்கு நிறம். வீடியோவில் காவி நிறமாகத் தெரிகிறது. அப்பாவின் வேட்டி மஞ்சள். முகத்தில் உள்ள சிவப்பு முகத்தோடு நிற்காமல் வலது பக்கம் வழிந்து பின்னால் இருப்பவர் மேல் படிகிறது. யாராவது கையை அசைத்தால் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வருகின்றன.

சேலை பீரோவில் இருக்கிறது. அப்பாவே தைத்த ஜாக்கெட்டும் இருக்கிறது. டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போட்டிருக்கிறேன். சாச்சுரேஷனை ஏற்றினால் பட்டு இன்னும் ஆரஞ்சாகத்தான் போகிறது. எங்கே தொடங்க வேண்டும்?

அம்பை_ஆல்பம்

சாயம் போயிருக்கும் தங்கச்சி. எங்க வீட்டு ஆல்பத்திலும் 1980களில் எடுத்த கலர் படங்கள் எல்லாம் சிவந்து கிடக்கு. கேசட்டும் அதே கதைதான், வயசானா நிறம் போகும். ஸ்கேன் பண்ணி நீலத்தை ஏத்துனா கொஞ்சம் திரும்பி வரும். அது சரி, ஆல்பத்தில் ஒட்டியிருக்கிற படத்தைக் கிழியாம எப்படி எடுக்கிறது?

கொக்கிரகுளம்_டெக்

அண்ணாச்சி, ஆல்பத்துக்குத் தனி இழை போடுங்க, அங்கே சொல்லுதேன். காகிதப் படத்தில் இருப்பது சாயம். இருட்டில் வைத்தாலும் அதில் நீலப்பச்சைச் சாயம் முதலில் போகும், அதனால் சிவக்கும். கேசட்டில் சாயமே கிடையாது. காந்தப் பதிவுதான். அது பலவீனமானால் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும், வெள்ளைக் கீற்று விழும். ரொம்பவும் பலவீனமானால் டெக் நிறத்தையே அணைத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாகக் காட்டும். அரக்கு காவியாக மாறுவது கேசட்டின் வயசால் வருவதில்லை. அன்றைக்கு மண்டபத்தில் எரிந்த ஹாலோஜன் விளக்கு, கேமராவின் ஒயிட் பேலன்ஸ், இப்போது கடையில் மாற்றிய விதம், இந்த மூன்றில்தான் காரணத்தைத் தேடணும்.

தங்கச்சி, அந்த எம்பி4ஐ வைத்து வேலை தொடங்காதீங்க. கேசட் கையில் இருக்கும்போது அதிலிருந்தே திரும்ப எடுப்பதுதான் மீட்பில் பாதி. சீப்புப் பல் வருவது ஏன் என்றால், வி.எச்.எஸ். ஒரு நொடிக்கு 50 அரைப்படம் பதிகிறது; இரண்டு அரைப்படத்தை ஒன்றாகக் கோத்துச் சுருக்கிவிட்டார்கள். அப்படிச் சுருக்கும்போது, ஏற்கெனவே குறைவாக இருக்கும் நிற விவரத்தை இன்னும் பாதியாக்கி, மேல் கோட்டின் நிறத்தையும் கீழ்க் கோட்டின் நிறத்தையும் குழப்பியிருப்பார்கள். அதற்கு மேல் எந்தக் கருவியை வைத்தாலும் பிரிக்க முடியாது. இன்னொன்று, வேட்டியின் வெளிச்சமான பகுதியில் மடிப்பு தெரிகிறதா, இல்லை வெள்ளைக் காகிதம் மாதிரி மொட்டையாக இருக்கா என்று பாருங்க.

தையல்கடை_பிள்ளை

மொட்டையாகத்தான் இருக்கிறது. தோள் துண்டில் ஒரு மடிப்பும் தெரியவில்லை. தெரிந்த ஒருவரிடம் ஓடும் நிலையில் டெக் இருக்கிறது. யூஎஸ்பி கேப்சர் குச்சி ஒன்று வாங்கிவிட்டேன்.

கொக்கிரகுளம்_டெக்

அப்போ சொல்லுதேன். டெக்கில் போடுவதற்கு முன்னால் கேசட்டைத் திறந்து பாருங்க. பக்கவாட்டில் சின்னப் பொத்தான் இருக்கும், அதை அமுக்கினால் முன்மூடி தூக்கும். மேலே உள்ள கண்ணாடி வழியாகவும் சுருளின் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்க. வெள்ளைப் பொடியோ நூல் மாதிரியோ தெரிந்தால் பூஞ்சை. ஆத்தோரத்து ஊர்களில் பீரோவில் கிடந்த கேசட்டுகளில் அது சகஜம். அதை அப்படியே ஓட்டினால் டெக்கின் ஹெட்டில் ஏறி, அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். கறுப்பாகப் பளபளவென்று இருந்தால் முழுசாக முன்னே ஓட்டி, முழுசாகப் பின்னே ஓட்டி, அப்புறம் பிளே. பல வருஷம் ஒரே நிலையில் கிடந்த சுருள் இறுக்கம் சமமாகும். அதற்கும் முன்னால், போனாலும் போகட்டும் என்று நினைக்கிற ஒரு பழைய கேசட்டைப் போட்டு அந்த டெக் டேப்பைக் கடிக்கிறதா என்று பார்த்துக்கோங்க.

ஹெட் துடைக்கணும் என்றால் பட்ஸ் வேண்டாம். ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் நனைத்த மான்தோல் துண்டை டிரம்மில் அசையாமல் பிடித்து, டிரம்மைக் கையால் சுத்தணும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் நுனி உடையும்.

கேப்சருக்கு வர்ச்சுவல்டப் போதும். வீடியோ முறை `PAL_B`, அளவு 720x576, நிற வடிவம் `YUY2`, ஹஃப்யூவ் கோடெக், சத்தம் 48 கிலோஹெர்ட்ஸ். படம் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டு வந்தால் முறை `NTSC`இல் நிற்கிறது என்று அர்த்தம், கேசட்டைக் குறை சொல்லாதீங்க. மணிக்குச் சுமார் 30 ஜிபி பிடிக்கும், மூன்று மணி நேரத்துக்கு 100 ஜிபி காலியாக வைங்க. முக்கியமான வேலை ஹிஸ்டோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு வேட்டி வரும் காட்சியை ஓட்டிப் பார்ப்பது. வலது ஓரத்தில் சுவர் மாதிரி முட்டி நின்றால் கேப்சர் அமைப்பில் கான்ட்ராஸ்டைக் குறைங்க, முட்டாமல் வரும் வரைக்கும். படம் மங்கலாகத் தெரியும், பரவாயில்லை. மங்கலை அப்புறம் ஏற்றலாம். மொட்டையானதை மீட்க முடியாது.

மேலரதவீதி

100 ஜிபி எதுக்குவே? பாக்கப்போறது ஹால் டிவியில. அவங்க காலத்துல பாத்ததே அந்தக் கலர்தான். இருக்கிறதக் கெடுத்துராதீக.

பாளை_கலர்

100 ஜிபி வேலை முடியும் வரைக்கும்தான் அண்ணாச்சி. முடிந்ததும் சின்னதாக்கிக் கொடுக்கலாம்.

நிறம் வலது பக்கம் வழிவதைப் பற்றி ஒரு வார்த்தை. வி.எச்.எஸ்.இல் வெளிச்சம் 240 கோடு அளவுக்கு நுணுக்கமாகப் பதியும், நிறமோ 40 கோடு அளவுக்குத்தான். அதாவது நிறத்தை அகலமான பட்டைத் தூரிகையால் அப்பியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, கல்யாண வீட்டுக்குக் கொடுத்த கேசட் முதல் பதிவு கிடையாது. கேமரா கேசட்டிலிருந்து மிக்சிங் கேசட், அதிலிருந்து வீட்டுக்கு ஒரு காப்பி. ஒவ்வொரு காப்பியிலும் நிறம் கொஞ்சம் வலமும் கீழுமாக நகரும். வழிந்த அகலத்தைச் சுருக்க முடியாது. ஆனால் நகர்ந்ததை மொத்தமாகப் பிடித்து இழுத்து இடத்தில் வைக்கலாம். அதுவே பாதி வித்தியாசத்தைக் காட்டும்.

```
ffmpeg -i kalyanam.avi -vf "bwdif=mode=send_field:parity=tff,chromashift=cbh=-2:crh=-2:cbv=-2:crv=-2,scale=768:576:in_color_matrix=bt601:out_color_matrix=bt709,setsar=1" -c:v dnxhd -profile:v dnxhr_hq -pix_fmt yuv422p -c:a pcm_s16le kalyanam.mov
```

`bwdif` சீப்புப் பல்லை எடுத்து நொடிக்கு 50 முழுப்படம் ஆக்கும். அசைவு முன்னும் பின்னுமாக உதறினால் `tff` என்பதை `bff` ஆக்குங்க. `chromashift` எண்கள் ஒவ்வொரு கேசட்டுக்கும் மாறும். குங்குமப் பொட்டு, சிவப்பு மாலை மாதிரி விளிம்பு தெளிவான பொருள் வரும் பத்து நொடியை மட்டும் வெட்டி, -1, -2, -3 என்று போட்டுப் பாருங்க. நிறம் இடது பக்கம் வெளியே எட்டிப் பார்த்தால் அளவு மீறிவிட்டது. பழைய டிவி நிறக் கணக்கையும் இப்போதைய எச்டி கணக்கையும் குழப்பினால் சிவப்பும் பச்சையும் லேசாகச் சாயல் பிசகும். அதைத் தடுக்கத்தான் `bt601`, `bt709`.

ரிசால்வில் கோப்பைச் சேர்ப்பதற்கு முன்னாலேயே பிராஜெக்ட் வேகத்தை 50 ஆக்கணும். அப்புறம் மாற்ற விடாது.

தையல்கடை_பிள்ளை

திரும்ப எடுத்தாயிற்று. பூஞ்சை இல்லை. கான்ட்ராஸ்டைக் குறைத்ததும் தோள் துண்டில் மடிப்பும் கரையும் தெரிகின்றன! நகர்த்தலில் கிடைமட்டம் -3, நிலைக்குத்து -2இல் பொட்டு நெற்றிக்குள் வந்து உட்கார்ந்தது.

இப்போது நிறம். ஒரு யூடியூப் பாடத்தில் வெள்ளையான பொருளைத் தொட்டு ஒயிட் பேலன்ஸ் வைக்கச் சொன்னார்கள். வேட்டியைத் தொட்டேன். மொத்தப் படமும் நீலம் பாய்ந்துவிட்டது.

பாளை_கலர்

வேட்டி பட்டு வேட்டியா?

தையல்கடை_பிள்ளை

ஆமாம், சரிகைக் கரை போட்ட பட்டு வேட்டி.

பாளை_கலர்

அதுதான். பட்டு வேட்டி சந்தன நிறம், வெள்ளை கிடையாது. அதை வெள்ளை என்று சொன்னால் மென்பொருள் எல்லாவற்றிலும் நீலத்தைக் கொட்டும். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களின் பருத்தி வேட்டியையும் நம்ப வேண்டாம், சொட்டு நீலம் போட்டு அலசியது. அதைத் தொட்டால் எதிர்ப்பக்கம், மஞ்சளாகப் போகும்.

மேடைக்குப் பின்னால் பெயர் ஒட்டியிருப்பார்களே, தெர்மாக்கோல் எழுத்து? அதைப் பிடிங்க. தெர்மாக்கோல் அப்பழுக்கில்லாத வெள்ளை, மணமக்கள் மேல் விழுந்த அதே விளக்கு அதன் மேலும் விழுந்திருக்கு. இரண்டு விஷயம் மட்டும் பார்க்கணும். எழுத்து மெல்லிசாக இருந்தால் பின்னாலுள்ள சிவப்புத் துணியின் நிறம் எழுத்துக்குள் ஏறியிருக்கும், முன்னே சொன்ன பட்டைத் தூரிகைதான் காரணம். 768 புள்ளி அகலத்தில் குறைந்தது 50 புள்ளியாவது பிடிக்கும் வெள்ளைப் பரப்பு வேண்டும். இன்னொன்று, ஹாலோஜன் நேராக அடித்து எரிந்துபோன இடம் கூடாது. எரிந்த இடம் எப்போதும் வெள்ளையாகவே காட்டும், படத்தின் மஞ்சளை மறைத்துவிடும்.

தையல்கடை_பிள்ளை

எழுத்து மெல்லிசுதான். ஆனால் இரண்டு பெயருக்கும் நடுவில் தெர்மாக்கோல் அன்னம் ஒன்று இருக்கிறது, உடம்பு நல்ல அகலம். கழுத்து எரிந்திருக்கிறது, வயிற்றுப் பக்கம் எரியவில்லை. வயிற்றை வைத்து பரேடில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் `Gain`இல் சமப்படுத்தினேன். தலைமுடியை வைத்து `Lift`. மஞ்சள் விலகிவிட்டது, வேட்டி சந்தன நிறத்துக்கு வந்தது. பட்டு மட்டும் இன்னும் செங்கல் நிறத்தில் நிற்கிறது. சேலையைப் போட்டோ எடுத்து ஒப்பிடலாமா?

தறிக்காரர்

சேலையை அளவாக வைக்காதீங்க. அரக்குப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம் போட்டு நெய்வதுண்டு. பாவு சிவப்பு, ஊடு கறுப்பு கலந்த சிவப்பு என்று வைத்துக்கோங்க: ஒரு பக்கம் சாய்த்தால் சிவப்பாக அடிக்கும், மறுபக்கம் சாய்த்தால் கறுப்பாக அடிக்கும். மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். வீடியோவில் உட்கார்ந்த கோணத்தை நீங்கள் எப்படிக் கொண்டுவருவீங்க? ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதோடு, மடித்து வைத்த சேலையில் வெளிமடிப்பு காற்றும் வெளிச்சமும் பட்டு வெளுத்திருக்கும்.

தையல்கடை_பிள்ளை

பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரி இரண்டு நிறம்தான். ஜாக்கெட் சேலையோடு வந்த துணி இல்லை, தனியாக எடுத்தது. ஒரே நிறம். அப்பா பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை இஞ்ச் விட்டுத் தைத்திருக்கிறார், அம்மா பிறகு பிரித்துவிடவே இல்லை. அந்த உள்மடிப்பு வெளித்துணியைவிட நல்ல அடர்த்தியாக இருக்கிறது.

பாளை_கலர்

அதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது. வெயிலும் வேர்வையும் படாத துணி. படம் எடுக்கும் முறையில்தான் கவனம் வேணும். ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பி, உள்மடிப்பை விரித்து, பக்கத்தில் ஒரு தெர்மாக்கோல் துண்டு. விலை குறைந்த எல்ஈடி விளக்கு வேண்டாம். பலதில் ஆழ்ந்த சிவப்பு குறைவு, அரக்கு அதில் பழுப்பாகத் தெரியும். பழைய ஹாலோஜன் அல்லது குண்டு பல்பு கிடைத்தால் அது, இல்லாவிட்டால் வாசல் நிழலில் பகல் வெளிச்சம். போனில் தானாக மெருகேற்றும் வசதியை அணைத்து, ரா கோப்பாக எடுங்க. பிறகு தெர்மாக்கோலை வைத்து அந்தப் படத்தையும் சமப்படுத்தணும். இரண்டு படத்துக்கும் பொதுவாக இருப்பது தெர்மாக்கோல் ஒன்றுதான்.

ரிசால்வில் இரண்டையும் வெக்டர்ஸ்கோப்பில் பாருங்க. நடுவிலிருந்து எந்தத் திசையில் புள்ளிக்கூட்டம் நிற்கிறது என்பதை மட்டும் ஒப்பிடணும், எவ்வளவு தூரம் என்பதை வேண்டாம். திசை நிறம், தூரம் அடர்த்தி. அடர்த்தியைத் துணி அளவுக்கு ஏற்றினால் கேசட்டின் இரைச்சலும் சேர்ந்து ஏறி, சேலையில் சிவப்பும் ஊதாவும் எறும்பு ஊரும்.

தையல்கடை_பிள்ளை

ஜாக்கெட் துணி `R` பெட்டியை நோக்கி நிற்கிறது. வீடியோவில் அதே ஜாக்கெட் மஞ்சள் பக்கமாகச் சாய்ந்து, கிட்டத்தட்ட தோல் நிறக் கோட்டின் மேலேயே இருக்கிறது. `Hue vs Hue` வளைவில் திருப்பினேன். ஜாக்கெட் சரியாக வந்தது, ஆனால் எல்லார் முகமும் தக்காளி ஆகிவிட்டது.

பாளை_கலர்

சிவப்புப் பெட்டிக்கும் தோல் கோட்டுக்கும் இடையில் சுமார் 20 டிகிரிதான். உங்கள் ஜாக்கெட் தோல் கோட்டிலேயே நிற்கும்போது, நிறத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. அடர்த்தியையும் வெளிச்சத்தையும் சேர்த்துப் பிடிக்கணும்: குவாலிஃபையரில் பட்டுத் துணியின் நிறத்தைப் பிடிங்க, அதன் மேல் கழுத்துக்குக் கீழே ஒரு விண்டோ வரைந்து டிராக் பண்ணுங்க. விண்டோ விளிம்பை நல்லா மென்மையாக்கணும், கூர்மையாக வெட்டினால் அட்டை ஒட்டின மாதிரி தெரியும். தேவையான திருப்பத்தில் முக்கால் பங்கு மட்டும் திருப்புங்க. மூன்று மணி நேரத்துக்கும் இதைச் செய்ய முடியாது. தாலி கட்டு, மாலை மாற்று, பெரியவர்கள் காலில் விழுவது என்று நெருக்கமான காட்சிகளுக்கு மட்டும் வைங்க. மற்றதுக்கு அன்னத்தை வைத்துச் சமப்படுத்தினது போதும்.

ஒரு எச்சரிக்கை. அம்மா முகத்தைத் தோல் கோட்டின் மேல் கொண்டுவந்து நிறுத்தாதீங்க. மஞ்சள் பூசிய முகம், அது கோட்டுக்கு மஞ்சள் பக்கம்தான் நிற்கும். கோட்டில் வைத்தால் பூசின மஞ்சளைக் கழுவின மாதிரி ஆகிவிடும். மாப்பிள்ளைத் தோழர்களின் முகத்தை வைத்து அளவு பாருங்க.

கொக்கிரகுளம்_டெக்

ஒரு கேள்வி. ஜாக்கெட் மட்டும் மஞ்சளுக்குச் சாய்ந்து நிற்பது கேமராவின் குணமாகவும் இருக்கலாம், டெக்கின் குணமாகவும் இருக்கலாம். வேறொரு டெக்கில் அதே காட்சியை எடுத்துப் பார்த்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். பால் முறையில் நிறம் திசை மாறுவது அரிது, அதற்காகவே கோட்டுக்குக் கோடு முறை மாற்றி அனுப்பும். அதனால் எனக்குக் கேமரா மேல்தான் சந்தேகம்.

பாளை_கலர்

எனக்கு விளக்கு மேல். முன்னால் ஹாலோஜன், தலைக்கு மேல் டியூப்லைட். தெர்மாக்கோல் பின்சுவரில் இருப்பதால் டியூப்லைட்டின் பச்சையைக் கூடுதலாக வாங்கியிருக்கும், அம்மா மேல் ஹாலோஜன் கூடுதலாக விழுந்திருக்கும். அப்படியானால் அன்னம் சொல்லும் கணக்கு அம்மாவுக்கு முழுசாகப் பொருந்தாது.

தையல்கடை_பிள்ளை

இரண்டாவது டெக் கிடைக்கவில்லை. விண்டோ முறையில் தாலி கட்டு முடித்துவிட்டேன். பந்திக் காட்சி முழுக்கப் பச்சையாக இருக்கிறது, அங்கே தெர்மாக்கோலும் இல்லை. இலையும் பச்சை, சுவரும் பச்சை. எதைப் பிடிப்பது?

மேலரதவீதி

சோத்தப் புடிங்க. வெள்ளச் சோறுதான?

பாளை_கலர்

அண்ணாச்சி விளையாட்டாகச் சொன்னாலும் அது சரியான யோசனைதான். சாம்பார் ஊற்றாத இலையாகப் பாருங்க. ஆனால் இலை ஓரத்துச் சோற்றில் இலையின் பச்சை ஏறியிருக்கும், குவியலின் நடு உச்சியை மட்டும் எடுங்க. பச்சையை முழுசாக எடுக்கவும் வேண்டாம். முக்கால்வாசி எடுத்தால் போதும்.

மேலரதவீதி

முழுசா எடுத்தா என்ன? பச்சை மூஞ்சியோட சாப்பிடணுமா சனம்?

பாளை_கலர்

முழுசாக எடுத்தால் வாழை இலை சருகு நிறமாகும். போட்டுப் பாருங்க.

மேலரதவீதி

சனத்துக்கு மூஞ்சிதான் முக்கியம், எலை எப்படிப் போனா என்ன. நான் ஒத்துக்கிட மாட்டேன்.

கொக்கிரகுளம்_டெக்

மிக்சிங்கில் போட்ட இதய வடிவ வெட்டு, பூ விழும் காட்சி, பெயர் எழுத்து எல்லாம் மிக்சரிலிருந்து வந்தவை, மண்டப வெளிச்சம் அதில் இல்லை. அந்தத் துண்டுகளைத் தனியாக வெட்டி, கை வைக்காமல் விடுங்க. படத்தின் அடியில் துடிக்கும் பத்துப் பன்னிரண்டு கோட்டை மட்டும் கறுப்பால் மறைத்தால் போதும், பெரிதாக்கி வெட்டினால் தலையும் போகும்.

கடைசியில் ஹெச்.264, நொடிக்கு 50 படம், அதே 768x576. பென்டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. முகூர்த்தம், பந்தி, மறுவீடு என்று பிரித்து ஏற்றுங்க. ஹால் டிவியின் பட அமைப்பு விவிட் என்று இருந்தால் உங்கள் அரக்கு ரத்தமாகத் தெரியும், சினிமா அமைப்புக்கு மாற்றிட்டு அப்புறம் அப்பாவைக் கூப்பிடுங்க.

தையல்கடை_பிள்ளை

பிரித்தே ஏற்றுகிறேன் அண்ணாச்சி. பந்திக்குச் சோறு ஒத்துவந்தது, பச்சையை முக்கால் மட்டும் எடுத்தேன். அப்பாவிடம் சொல்லாமல் ஜாக்கெட் மட்டும் தெரிகிற ஒரு படத்தை போனில் காட்டி இது என்ன நிறம் என்று கேட்டேன். "அரக்கு இல்ல, அரக்குல ஒரு சொட்டு ஊதா, அதுக்கு நூல் கிடைக்காம மெரூன் நூல் போட்டுத் தைச்சேன்" என்றார். தையலைப் பார்த்தால் நூல் மெரூன்தான்.

அந்த ஒரு சொட்டு ஊதா என் படத்திலும் இல்லை, ரா கோப்பிலும் சரியாக இல்லை. போன் கேமராவின் குறையா, வெளிச்சமா?

தறிக்காரர்

எந்த வெளிச்சத்தில் எடுத்தீங்க?

தையல்கடை_பிள்ளை

குண்டு பல்பு.

தறிக்காரர்

குண்டு பல்பில் நீலம் குறைச்சல், ஊதா அமுங்கிவிடும். பகலில் வாசல் நிழலில் ஒன்று எடுத்துப் பாருங்க. ஆனால் மண்டபத்தில் எரிந்ததும் ஹாலோஜன்தானே. அன்றைக்கு மேடையில் அந்த ஊதா தெரிந்திருக்குமா என்பதை உங்க அப்பாதான் சொல்லணும்.